"ஏய் கோகுல்" என்று மகனை அழைத்தால் கைபேசி விழித்துக்கொள்கிறது: குரல் உதவியாளரை அணைப்பது எப்படி?

தேன்மொழி

என் மகனின் பெயர் கோகுல். அவன் அடுத்த அறையில் ஏதாவது குறும்பு செய்யும்போது நான் "ஏய் கோகுல்!" என்று குரல் கொடுத்தால், மேசைமேல் இருக்கும் என் கைபேசி தன்னைத்தான் அழைக்கிறேன் என்று எண்ணி எழுந்துவிடுகிறது. முதல் சில நாள்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் நேற்று அலுவலக இணையக் கூட்டத்தின் நடுவே ஒலிவாங்கியை மூடிவிட்டதாக எண்ணிக்கொண்டு மகனை அதட்டியபோது, நான் சொன்னதை அப்படியே தேடுசொல்லாக எடுத்துக்கொண்டு, கிடைத்த விடையை அது உரக்கப் படித்துக் காட்டியது. கூட்டத்தில் இருந்த அனைவரும் அதைக் கேட்டார்கள்.

பையில் வைத்திருக்கும்போதும் சில நேரங்களில் அது தானாக எழுவதாகத் தோன்றுகிறது. ஆண்ட்ராய்டு 14 இயங்கும் கைபேசி, தடித்த ரப்பர் உறை போட்டிருக்கிறேன். உதவியாளரை முழுவதுமாக நீக்கவும் எனக்கு மனமில்லை, ஏனெனில் கை ஈரமாக இருக்கும்போது வாயால் சொல்லி அலாரம் வைப்பது எனக்குப் பழகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொல்லுங்கள்.

கடைசிப்பலகை

இது மிகவும் எளிது. கூகுள் செயலியைத் திறந்து, மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, Settings, பிறகு Google Assistant, அதற்குள் Hey Google & Voice Match என்ற பக்கத்துக்குச் சென்று, "Hey Google" என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். கூகுளின் புதிய உதவியாளரான ஜெமினிக்கு மாறிய கைபேசிகளில் இந்தப் பக்கம் வேறு இடத்தில் இருக்கும். அமைப்புகளின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் Voice Match என்று தட்டினால் அகப்பட்டுவிடும். இதை அணைத்த பிறகு கைபேசி எந்தக் காரணத்துக்காகவும் தானாக எழாது.

பழைய ரேடியோ

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். வரவேற்பறையில் இருக்கும் ஒலிபெருக்கி, தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது நள்ளிரவில்கூடப் பதில் சொல்லத் தொடங்குகிறது. அதன் பெயரையே மாற்றிவிட முடியுமா? நான் "அலெக்சா" என்று அழைக்கும் வகைக் கருவியை வைத்திருக்கிறேன்.

கம்பிச்சுருள்

பழைய ரேடியோ ஐயா, உங்களுடையது வேறு கருவி, ஆனாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒலிபெருக்கியில் அழைப்புச் சொல்லை மாற்ற முடியும். அதன் செயலியில் உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்து, அமைப்புகளில் Wake Word என்ற இடத்துக்குப் போனால், Alexa என்பதற்குப் பதிலாக Echo, Computer போன்ற வேறு சொற்கள் பட்டியலாக வரும். நாமாக ஒரு பெயரை வைக்க முடியாது, பட்டியலில் இருப்பவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். Computer என்ற சொல் செய்திகளில் அடிக்கடி வரும் என்பதால் உங்கள் வீட்டுக்கு அது உதவாது. ஒலிபெருக்கியைத் தொலைக்காட்சியிலிருந்து தள்ளி வைத்துப் பார்ப்பதும் பலன் தரும்.

தேன்மொழி அம்மா, கடைசிப்பலகை சொன்னதை முதலில் செய்து, இரண்டு மூன்று நாள்கள் பொறுத்துப் பாருங்கள். ஆனால் அவருடைய கடைசி வாக்கியத்தை மட்டும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். பையில் இருக்கும்போது எழுவதற்கும் மகனின் பெயருக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேன்மொழி

நான்கு நாள்கள் ஆகிவிட்டன. "Hey Google" பொத்தானை அணைத்த பிறகு, வேண்டுமென்றே கைபேசிக்கு அருகில் நின்று ஐம்பது முறையாவது மகனை அழைத்திருப்பேன் (அவன் ஒவ்வொரு முறையும் எதற்கு என்று கேட்டு ஓடிவந்தது வேறு கதை). ஒருமுறைகூடக் கைபேசி எழவில்லை. அந்த அளவில் கடைசிப்பலகைக்கு நன்றி.

ஆனால் பையில் வைத்திருந்தபோது செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று முறை எழுந்திருக்கிறது. அதில் இரண்டு முறை கைபேசியைப் பைக்குள் செருகிய உடனேயே நடந்தது. மூன்றாவது முறை நான் நடந்தபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு சட்டென நின்று, உதவியாளர் எழும்போது வரும் மணியொலி காதில் கேட்டது. சொல்லைத்தான் அணைத்துவிட்டேனே, பிறகு எப்படி எழுகிறது?

கம்பிச்சுருள்

உதவியாளருக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது என்று எண்ணுவதால் வரும் குழப்பம் இது. உண்மையில் ஆண்ட்ராய்டில் ஒன்றையொன்று சாராத சில வாசல்கள் இருக்கின்றன. சொல்லால் அழைப்பது ஒன்று. பக்கவாட்டில் இருக்கும் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பது இன்னொன்று. திரையின் கீழ் மூலையிலிருந்து உள்நோக்கிக் குறுக்காக இழுப்பது, பழைய மூன்று பொத்தான் முறையாக இருந்தால் நடுப் பொத்தானை அழுத்திப் பிடிப்பது, மூன்றாவது. பாட்டுக் கேட்கும் காதணிக் கருவியின் பொத்தான் நான்காவது. "Hey Google" என்பதை அணைத்தால் முதல் வாசல் மட்டுமே மூடும். மற்ற மூன்றும் திறந்தேதான் இருக்கும்.

எது திறந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். பைக்குள் செருகிய உடனே எழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். செருகும்போது கைபேசியின் விளிம்பைப் பிடித்துத்தான் தள்ளுவோம், அந்தப் பிடி பவர் பொத்தானின் மீது விழும். அரை நொடி அழுத்தம் போதும், அது நீண்ட அழுத்தமாகக் கணக்கிடப்பட்டுவிடும். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அணைக்கும் பட்டியல் வருவதற்குப் பதிலாக உதவியாளர் வரும்படி அமைக்க வழி செய்தார்கள். பல கைபேசிகளில் பெட்டியைத் திறக்கும்போதே அப்படித்தான் இருக்கிறது. கைபேசியை அணைக்க எண்ணிப் பொத்தானைப் பிடித்தால் "என்ன உதவி வேண்டும்" என்று கேட்கிறதே என எத்தனையோ பேர் வியந்திருக்கிறார்கள்.

இதை மாற்றும் இடம் கைபேசிக்குக் கைபேசி வேறுபடும். கூகுளின் சொந்தக் கைபேசிகளிலும் அவற்றை ஒட்டிய அமைப்பு உள்ளவற்றிலும் Settings, System, Gestures, அதற்குள் Press & hold power button. அங்கே Power menu என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங் கைபேசியானால் Settings, Advanced features, Side button என்று போய், Press and hold என்பதன் கீழ் Power off menu. சற்றுப் பழைய பதிப்புகளில் அதே பக்கம் Side key என்ற பெயரில் இருக்கும்.

உங்கள் தடித்த உறையையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சில உறைகளில் பொத்தானுக்கு நேராக இருக்கும் மேடு சற்று உள்ளே நீண்டிருக்கும். பை இறுக்கினால் அது பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

மிருணாளினி

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். நான் ஐபோன் வைத்திருக்கிறேன், என் கதையைக் கேட்டால் தேன்மொழி ஆறுதல் அடைவார். குழந்தைகளைப் படம் எடுக்கும்போதெல்லாம் "சிரி, சிரி, நல்லா சிரி" என்கிறேன். உடனே திரையில் சிரி என்ற உதவியாளர் எழுந்து, படம் எடுக்கும் வேளையைக் கெடுத்துவிடுகிறது. தமிழ் பேசும் வீட்டில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கம்பிச்சுருள்

இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. முன்பெல்லாம் "ஹே சிரி" என்று இரண்டு சொற்களையும் சொன்னால்தான் அது எழும். 2023-இல் வந்த ஐஓஎஸ் 17-இல் ஆங்கிலம் போன்ற சில மொழிகளுக்கு வெறும் "சிரி" என்பதே போதும் என்று ஆக்கினார்கள். உங்கள் உதவியாளர் ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டிருக்கும், ஆனால் நீங்கள் பேசுவது தமிழ் என்று அதற்குத் தெரியாது. ஒலி பொருந்தினால் போதும், எழுந்துவிடும்.

அமைப்புகளில் சிரிக்கான பக்கத்தைத் திறந்தால், எந்தச் சொல்லுக்குக் காதுகொடுக்க வேண்டும் என்ற இடத்தில் "Siri" or "Hey Siri", "Hey Siri", Off என மூன்று தெரிவுகள் இருக்கும். நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். "ஏ, சிரி" என்று யாரையும் மிரட்டாதவரை அதன் பிறகு தொல்லை இருக்காது. பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் அது எழுகிறது என்றால், Accessibility, Side Button, Press and Hold to Speak என்ற இடத்தில் Off என்று வையுங்கள். கைபேசியை அணைக்கப் பக்கப் பொத்தானையும் ஒலியளவுப் பொத்தானையும் சேர்த்துப் பிடிக்கும் வழி அப்படியே இருக்கும்.

கடைசிப்பலகை

அண்ணா, இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? ஆண்ட்ராய்டு 12 முதல், திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பட்டியலில் Mic access என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் கைபேசிக்குக் காதே இல்லை. பிறகு எப்படி எழும்?

கம்பிச்சுருள்

தம்பி, பாதிதான் சரி. அதை அணைத்தால் சொல்லால் எழுவது நின்றுவிடும், அது உண்மை. ஆனால் பொத்தானை அழுத்தினால் உதவியாளரின் திரை அப்போதும் வரும், வந்து "ஒலிவாங்கியைத் திறக்கட்டுமா" என்று கேட்கும். பாட்டும் நின்றுதான் போகும். அதைவிடப் பெரிய இடர்ப்பாடு, அவசர அழைப்பு தவிர்த்த மற்ற அழைப்புகளில் நீங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. கூட்டத்தில் பேச வேண்டிய ஒருவருக்கு இதைப் பரிந்துரைப்பது, கொசு கடிக்கிறது என்று வீட்டையே பூட்டிவிட்டு வெளியே படுப்பதைப் போன்றது.

தேன்மொழி

பவர் பொத்தானை Power menu என்று மாற்றினேன், உறையையும் கழற்றினேன். பையில் செருகும்போது எழுவது முற்றிலும் நின்றுவிட்டது. ஒருமுறை அணைக்கும் பட்டியல் மட்டும் திரையில் விரிந்து கிடந்தது, ஆகப் பொத்தான்தான் அழுந்தியிருக்கிறது என்பது உறுதி. நன்றி, ஐயா.

ஆனால் பாட்டுக் கேட்கும்போது எழுவது நிற்கவில்லை. நேற்று நடைப்பயிற்சியில் அரை மணி நேரத்துக்குள் நான்கு முறை எழுந்தது. கைபேசி என் கையில்தான் இருந்தது, எந்தப் பொத்தானையும் தொடவில்லை, நான் பேசவும் இல்லை. சில முறை உதவியாளர் வராமல் பாட்டு மட்டும் நின்று மறுபடி ஓடியது. கம்பி வைத்த காதணிக் கருவியைத்தான் பயன்படுத்துகிறேன்.

கம்பிச்சுருள்

கடைசி இரண்டு வாக்கியங்களில் விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஒலிவாங்கியும் பொத்தானும் உள்ள கம்பிக் காதணியின் செருகியில் நான்கு தொடுபரப்புகள் இருக்கும்: இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, மின்னோட்டம் திரும்பிச் செல்லும் தரைக்கு ஒன்று, ஒலிவாங்கிக்கு ஒன்று. அந்தப் பொத்தானுக்கென்று தனிக் கம்பி கிடையாது. அதை அழுத்தினால் ஒலிவாங்கியின் கம்பிக்கும் தரைக்கும் நடுவே மின்தடை திடீரெனக் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை அளந்துதான் எந்தப் பொத்தான் என்று கைபேசி முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்டு வகுத்த அளவின்படி 70 ஓம் அல்லது அதற்குக் கீழே போனால் அது நடுப் பொத்தான். 110 முதல் 180 ஓம் வரை இருந்தால் அது உதவியாளருக்கென்றே ஒதுக்கப்பட்ட பொத்தான். ஒலியளவைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் அதற்கு மேலே தனித்தனி அளவுகள் உண்டு.

இப்போது செருகியின் துளைக்குள் பையின் பஞ்சும் வியர்வையின் ஈரமும் சேர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள், அல்லது செருகிக்கு அருகே கம்பி உள்ளுக்குள் நைந்திருக்கலாம். நீங்கள் நடக்கும்போது செருகி அசைகிறது, ஒலிவாங்கியும் தரையும் ஒரு கணம் தொட்டு விலகுகின்றன. சட்டென்று தொட்டு விலகினால் அது நடுப் பொத்தானின் ஒற்றை அழுத்தம், எனவே பாட்டு நின்று ஓடுகிறது. தொட்டபடியே சற்று நேரம் இருந்தால் நீண்ட அழுத்தம், எனவே உதவியாளர் எழுகிறது. ஈரம் இடையில் ஏதோ ஒரு தடையை உண்டாக்கி 110 முதல் 180-க்குள் விழுந்தாலும் உதவியாளர்தான் எழும். உங்களுக்கு இரண்டு விதமாகவும் நடக்கிறது என்பதால்தான் எனக்கு ஐயம் வலுக்கிறது.

உறுதி செய்ய எளிய வழி, ஒலிவாங்கி இல்லாத மூன்று தொடுபரப்புச் செருகி உள்ள பழைய காதணியைப் போட்டு அதே தூரம் நடந்து பாருங்கள். கணினியும், அதிலிருந்து கைபேசிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவியும் பழக்கமானவராக இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். கைபேசியில் Build number என்பதை ஏழு முறை தட்டினால் திறக்கும் பக்கத்தில் USB debugging-ஐ இயக்கி, கணினியில் இதைத் தட்டுங்கள்:

```
adb shell getevent -l
```

பிறகு காதணியின் பொத்தானைத் தொடாமல் செருகியை மட்டும் மெல்ல அசையுங்கள். KEY_MEDIA அல்லது KEY_VOICECOMMAND என்ற வரிகள் தானாக ஓடினால், குற்றவாளி செருகியோ துளையோதான். திரையைத் தொட்டாலும் நிறைய வரிகள் ஓடும், அவற்றைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இளவேனில்

இந்த விவாதத்தில் ஒருவர்கூட முதன்மையான கேள்வியைக் கேட்கவில்லையே! "ஏய் கோகுல்" என்றதும் அது எழுகிறது என்றால், அதற்கு முன்பும் அது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்க வேண்டும்? நம் வீட்டுப் பேச்சு முழுவதும் எங்கோ ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அமைப்புகளை மாற்றுவதால் என்ன பயன்?

கம்பிச்சுருள்

கேட்டுக்கொண்டிருப்பது உண்மை, அனுப்பிக்கொண்டிருப்பது உண்மையன்று. கைபேசிக்குள் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஒரு சிறு பகுதி, கடைசிச் சில நொடிகளின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, பழையதன்மேல் புதியதை எழுதியபடியே, அழைப்புச் சொல்லின் சாயல் வருகிறதா என்று பார்க்கிறது. சாயல் தெரிந்தால் சற்றுப் பெரிய கணிப்பு ஒன்று கைபேசியிலேயே எழுந்து மறுபடி சரிபார்க்கும். அதுவும் ஆம் என்றால்தான் அதன் பிறகு பேசுவது வெளியே போகும். ஆண்ட்ராய்டு 12 முதல் இந்தச் சாயல் பார்க்கும் வேலையைத் தனியாக அடைக்கப்பட்ட ஓர் இடத்தில் நடத்துகிறார்கள். உதவியாளர் உண்மையிலேயே எழுந்து ஒலிவாங்கியைத் திறந்தால் திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும்.

உங்கள் அச்சத்தில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. தவறாக எழும் ஒவ்வொரு முறையும், எழுந்த பிறகு பேசிய துண்டு வெளியே போய்விடுகிறது. தேன்மொழி அம்மா மகனை அதட்டியது போயிருக்கிறது. அதைப் பார்க்கவும் அழிக்கவும் myactivity.google.com என்ற பக்கம் உண்டு. குரல் பதிவுகளைச் சேமிக்கும் தெரிவை நீங்கள் இயக்கியிருந்தால் அதை ஒலியாகவே அங்கே கேட்கலாம். கைபேசியிலேயே Privacy dashboard என்ற பக்கத்தில், கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு ஒலிவாங்கியைத் தொட்டது என்பதும் வரிசையாக இருக்கும். தவறாக எழுந்த நேரங்களைக் குறித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

இளவேனில்

வெளியே போவதில்லை என்று அவர்கள் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. என் கைபேசியில் Settings, Apps, Default apps, Digital assistant app என்ற இடத்தில் None என்று வைத்துவிட்டேன். இரண்டு ஆண்டுகளாக எந்த வாசல் வழியாகவும் எதுவும் எழவில்லை.

கம்பிச்சுருள்

உதவியாளரே வேண்டாம் என்பவர்களுக்கு அதுதான் சரியான வழி, நானும் மறுக்கவில்லை. ஒவ்வொரு வாசலாகப் பூட்டாமல், வாசல்கள் எல்லாம் போய்ச் சேரும் அறையையே காலி செய்துவிடுகிறீர்கள். ஆனால் திரையில் வட்டமிட்டுத் தேடும் வசதியும் அதையே நம்பியிருப்பதால் அதுவும் போய்விடும். தேன்மொழி அம்மாவுக்கு அலாரம் வேண்டும் என்பதால்தான் இதை நான் முதலில் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை

என் தந்தையாரின் கைபேசி பற்றி ஒரு கேள்வி. அவருக்கு விரல்கள் மெதுவாகத்தான் இயங்கும். திரையை அணைக்கப் பவர் பொத்தானை அழுத்தினால், விரலை எடுப்பதற்குள் உதவியாளர் வந்துவிடுகிறது. ஆனால் அவருக்கு எழுத்துத் தட்டுவது கடினம் என்பதால், எங்களை அழைப்பதற்கு அந்தப் பொத்தானைப் பிடித்துப் பேசுவதையே நம்பியிருக்கிறார். எனவே அதை அணைக்கவும் முடியாது.

கம்பிச்சுருள்

உங்கள் தந்தையாருக்கு நேரத்தை நீட்டிப் பார்க்கலாம். Press & hold power button என்ற அதே பக்கத்தில், உதவியாளரைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது கீழே நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவுபட்டை பல கைபேசிகளில் தெரியும். வழக்கமாக அது அரை நொடியில் நிற்கும். நீளமான பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். கூடுவது கால் நொடி அளவுதான் என்றாலும், தடுமாறும் விரலுக்கு அந்தச் சிறு இடைவெளி பெரிதும் உதவக்கூடும். அந்தப் பட்டையே இல்லாத கைபேசியாக இருந்தால், பொத்தானைத் தொடாமல் திரையை அணைக்க ஒரு வழி செய்துகொடுங்கள். திரையை இருமுறை தட்டினால் அணையும் வசதி சில கைபேசிகளில் இருக்கிறது.

நெடுஞ்சாலை

பட்டை இருந்தது, கடைசி வரை தள்ளிவிட்டேன். இன்று காலையிலிருந்து இரண்டு முறைதான் தவறாக வந்தது என்கிறார். முன்பு எத்தனை முறை வந்தது என்று அவர் எண்ணிவைக்கவில்லை, அதனால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தேன்மொழி

என் பகுதிக்கு முடிவு தெரிந்துவிட்டது. ஏடிபி எனக்குப் பழக்கமில்லை, என் தம்பி வந்து செய்து காட்டினான். செருகியை அசைத்தபோது இந்த வரிகள் ஓடின:

```
/dev/input/event3: EV_KEY KEY_MEDIA DOWN
/dev/input/event3: EV_KEY KEY_MEDIA UP
```

பொத்தானை நாங்கள் இருவரும் தொடவே இல்லை. வேறொரு காதணியைச் செருகியபோதும் அதே வரிகள் வந்ததால், பழுது காதணியில் இல்லை, துளையில்தான் என்று தெரிந்தது. கைபேசியை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் மெல்லத் துழாவியதில் சுருண்டு இறுகிய பஞ்சு ஒன்று வெளியே வந்தது. பையின் உள்துணியும் அதே நிறம்தான். அதன் பிறகு வரிகள் ஓடவில்லை, மூன்று நாள்களாக நடைப்பயிற்சியிலும் அமைதி நிலவுகிறது.

இப்போது சொல்லால் அழைப்பதை மறுபடி இயக்கலாமா என்று யோசிக்கிறேன். என் குரலை மறுபடி பதிவு செய்தால், மகனின் பெயருக்கும் அதன் பெயருக்கும் உள்ள வேறுபாட்டை அது கற்றுக்கொள்ளாதா?

கம்பிச்சுருள்

ஊசியைத் தொடாமல் பல்குத்தியை எடுத்தீர்களே, நல்லது. உள்ளே இருக்கும் தொடுபரப்புகள் மெல்லிய தகடுகள், ஊசி பட்டால் வளைந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு விடை, கற்றுக்கொள்ளாது என்பதுதான். குரல் பதிவு செய்வது யார் பேசுகிறார் என்பதைப் பிரித்தறியத்தான் உதவும். பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தால் உங்கள் கைபேசி எழாமல் இருக்க அது பயன்படும். இங்கே தவறாக அழைப்பவரும் நீங்கள், சரியாக அழைப்பவரும் நீங்கள். குரல் பொருந்தத்தான் செய்யும். சொல்லப்போனால், உங்கள் குரல் என்று உறுதியாகத் தெரிவதால் அது தயக்கமே இல்லாமல் எழும்.

சிக்கல் நம் நாவில் இருக்கிறது. சொல்லின் நடுவே வரும் ககரத்தை நாம் மென்மையாக ஒலிக்கிறோம், எனவே எழுத்தில் எப்படி இருந்தாலும் பேச்சில் "கோகுல்" என்பதும் "கூகுள்" என்பதும் முதல் உயிரொலியில்தான் பெரிதும் வேறுபடுகின்றன. கோபத்தில் கத்தும்போது அந்த ஓகாரமும் திரிந்துவிடும். அதற்கு முன்னால் வரும் "ஏய்" என்பதோ ஆங்கில அழைப்புச் சொல்லுக்கு ஏறத்தாழ இரட்டைப் பிறவி. ஒலிபெருக்கிகளில் எவ்வளவு எளிதில் எழ வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்க ஓர் அமைப்பு உண்டு. கைபேசியில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

எனவே இரண்டில் ஒன்றைச் செய்யலாம். சொல்லை அணைத்தே வைத்துக்கொண்டு, அலாரத்துக்கு மட்டும் திரையின் மூலையிலிருந்து இழுக்கும் வழியைப் பயன்படுத்தலாம். ஈரக்கையின் புறங்கை விரலுக்கும் அது பெரும்பாலும் இணங்கும். இல்லையென்றால் சொல்லை இயக்கிவிட்டு, மகனை அழைக்கும்போது "ஏய்" என்பதை விட்டுவிடலாம். முன்சொல் இல்லாமல் பெயர் மட்டும் வந்தால் அது எழுவது மிகவும் அரிது.

பழைய ரேடியோ

"டேய் கோகுலா" என்று அழைத்துப் பாருங்கள், அம்மா. அது இன்னும் பாசமாகவும் இருக்கும்.

நானும் உங்கள் யோசனைப்படி ஒலிபெருக்கியை Echo என்று மாற்றித் தள்ளி வைத்தேன், கம்பிச்சுருள். இரவில் பேசுவது நின்றுவிட்டது. ஆனால் இப்போது எனக்கே அந்தப் பெயர் நினைவுக்கு வருவதில்லை.

தேன்மொழி

"டேய்" என்று இரண்டு நாள்களாக அழைக்கிறேன், சொல்லையும் இயக்கிவிட்டேன், இதுவரை ஒருமுறைகூட எழவில்லை. மகனுக்குத்தான் அந்த அழைப்பு பிடிக்கவில்லை.

ஒரே ஒரு புதிர் மட்டும் மிச்சம் இருக்கிறது. என் கணவரின் கைபேசியில் அவருடைய குரல் மட்டுமே பதிவாகியிருக்கிறது. நான் "ஏய் கோகுல்" என்றால் அது எழுவதில்லை, என் மாமியார் அழைத்தால் மட்டும் எழுந்துவிடுகிறது. தாய்க்கும் மகனுக்கும் குரலில் அவ்வளவு ஒற்றுமை இருக்க முடியுமா?

கம்பிச்சுருள்

இருக்கலாம், ஆனால் ஒரு குரலில் கைபேசி எதைப் பிடித்துக்கொள்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் கணவர் எந்த அறையில், எவ்வளவு தொலைவில் நின்று குரலைப் பதிவு செய்தார் என்பதும் இதில் சேரும். அந்தப் பதிவை அழித்துவிட்டு, அமைதியான அறையில் கைபேசியை நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள். அதன் பிறகு மாமியாரைப் பத்து முறை அழைக்க வைத்து, எத்தனை முறை எழுகிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.